ஒரே காட்சி, மூன்று நிறத் தொகுப்புகள்: ஒரு துணிக்கடைக்கு நிறம் தேர்ந்தெடுத்த அனுபவம்

அது ஓர் ஆயத்த ஆடைக் கடை. 8 மீட்டர் அகலம், 14 மீட்டர் ஆழம், தரையிலிருந்து சீலிங் வரை 3.2 மீட்டர். வேலை எங்களிடம் வந்தபோது ரேக்குகளைப் பட்டறையில் வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். லைட் பாயிண்டுகள் சீலிங்கில் இறங்கிவிட்டன, தரைக்கல்லும் பதித்தாயிற்று. மிச்சம் இருந்தது நிறம் மட்டும்தான். கடைக்காரத் தம்பதி கேட்டதும் எளிமையான ஒன்று: "எதையும் நகர்த்தாம, இதே படத்துல மூணு கலர் போட்டுக் காட்டுங்க. பார்த்துட்டு ஒண்ணு சொல்றோம்."

மூன்று தொகுப்புகளையும் பேசி முடிவு செய்திருந்தோம். முதலாவதில் (இனி அ) மணல் சாயல் கொண்ட வெளிர் சுவர், வெள்ளை சீலிங், வெளிர் மர ரேக். இரண்டாவதில் (ஆ) சுட்ட மண் நிறச் சுவர், வெள்ளை சீலிங், வெளிர் ரேக். மூன்றாவதில் (இ) சுவரும் சீலிங்கும் அடர் பச்சை, ரேக் கறுப்பு இரும்பு. தரை, லைட், கேமரா, துணிகள் எல்லாம் மூன்றுக்கும் பொது.

முதல் சுற்றில் நாங்கள் செய்தது பலரும் செய்வதுதான். வெள்ளைச் சுவரோடு ஒரு ரெண்டர், அதாவது கணினி ஒளியைக் கணக்கிட்டு வரையும் படம், எடுத்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் தனி மாஸ்க் எடுத்து, அதன் மேல் நிறத்தை மல்டிப்ளை முறையில், பிக்சல் மதிப்போடு பெருக்கி, ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் மூன்று படமும் தயார். பார்த்தவர்கள் எல்லோரும் அடர் பச்சையைக் காட்டினார்கள், நான் உட்பட. அவ்வளவு அழகாக இருந்தது.

அழகாக இருந்ததுதான் உறுத்தியது. சீலிங்கும் சுவரும் அடர் பச்சையாக உள்ள ஒரு கடையில், ரேக்கின் கீழ்த்தட்டில் மடித்து வைத்த சட்டையின் தையல் வரை தெரிந்தது. அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

கீழ்த்தட்டில் ஒரு சாம்பல் அட்டை

எங்கள் காட்சிக் கோப்புகளில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். 18 சதவீத ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டை ஒன்றை எங்காவது மூலையில் வைத்துவிடுவோம். புகைப்படக்காரர்கள் கையில் வைத்திருக்கும் அதே அட்டைதான். இங்கே இரண்டு இடங்களில் வைத்திருந்தோம்: இடது ரேக்கின் கீழ்த்தட்டில் ஒன்று, டிரையல் ரூம் கண்ணாடிக்கு எதிரே ஒன்று.

மூன்று படங்களிலும் கீழ்த்தட்டு அட்டையின் ஒளி அளவைப் படித்தேன். மூன்றிலும் 0.14. கடைசிப் புள்ளி வரை ஒரே எண். யோசித்தால் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் அட்டை எந்த மாஸ்க்கிலும் இல்லை, அதை யாரும் தொடவில்லை. ஆனால் நிஜக் கடையில் சுவர் வெள்ளையிலிருந்து அடர் பச்சைக்கு மாறினால், கீழ்த்தட்டில் கிடக்கும் அட்டை மாறாமல் இருக்க முடியாது. அதன் மேல் விழும் ஒளியில் பெரும்பங்கு லைட்டிலிருந்து நேராக வருவதில்லை. சுவரிலும் சீலிங்கிலும் பட்டுத் திரும்பி வரும் எதிரொளிதான் அங்கே போய்ச் சேர்கிறது.

அதாவது பச்சைச் சுவர் போட்ட படத்தில், வெள்ளைச் சுவர் கடையின் வெளிச்சம் அப்படியே இருந்தது. நாங்கள் காட்டியது உலகில் இருக்க முடியாத ஒரு கடை.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதை ரெண்டர் போடாமலே கணக்குப் பார்க்கலாம். அறையின் எல்லாப் பரப்புகளின் சராசரித் திருப்புதிறன் ρ என்றால், பட்டுப் பட்டுத் திரும்புவதால் அறையின் மொத்த ஒளி ஏறத்தாழ 1/(1−ρ) மடங்காகப் பெருகும். வெள்ளை சீலிங்குக்கு 0.85, தரைக்கு 0.35, மணல் நிறச் சுவருக்கு 0.75 என்று வைத்துப் பரப்பளவு வாரியாகச் சராசரி எடுத்தால் அ தொகுப்புக்கு ρ சுமார் 0.66. பெருக்கம் 2.9 மடங்கு. சுட்ட மண் நிறம் 0.26 திருப்பும், எனவே ஆ தொகுப்புக்குப் பெருக்கம் 1.9. அடர் பச்சை 0.12 மட்டுமே திருப்பும், அதுவும் சீலிங்கிலும் இருக்கிறது. அங்கே பெருக்கம் 1.2தான். அதே லைட், அதே மின்சாரம், ஆனால் அ தொகுப்பில் உலவும் ஒளி இ தொகுப்பில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

இது மூடிய அறைக்கான தோராயக் கணக்கு. முகப்புக் கண்ணாடி, தொங்கும் துணிகள், குறிப்பிட்ட இடத்தை மட்டும் நோக்கும் ஸ்பாட் லைட் ஆகியவை இதில் இல்லை. ஸ்பாட் நேராக விழும் மேல்தட்டில் வித்தியாசம் குறைவாகவும், நேர் ஒளி எட்டாத கீழ்த்தட்டில் அதிகமாகவும் இருக்கும். ஆனாலும் எந்தத் திசையில் தவறு செய்கிறோம் என்பதைக் காட்ட இது போதும்.

அடுக்குகளாகப் பிரித்தால் சரியாகிவிடுமா?

எங்களிடம் ரெண்டரிங் பார்க்கும் தம்பி உடனே சொன்னார்: "அண்ணா, கடைசிப் படத்து மேல மல்டிப்ளை பண்ணினதாலதான் இந்தத் தப்பு. பாஸ் பாஸா பிரிச்சு `.exr` எடுத்து, நிறத்தை மட்டும் மாத்தினா சரியா வரும்." பாதி சரி. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் படம் இப்படித்தான் சேர்கிறது:

```
Combined = (DiffDir + DiffInd) * DiffCol
         + (GlossDir + GlossInd) * GlossCol
         + Emit
```

(கண்ணாடி ஊடுருவல், பின்னணிக்கான பாகங்களை இங்கே விட்டிருக்கிறேன்.) இதில் `DiffCol` என்பது பொருளின் சொந்த நிறம். அதை மாஸ்க் வழியாக மாற்றிப் பெருக்கினால் சுவர் சரியான பச்சையாக வரும். இறுதிப் படத்தின் மேல் நிறம் பூசுவதைவிட இது எவ்வளவோ மேல், பளபளப்பு கெடாது. ஆனால் `DiffInd` இருக்கிறதே, அதுதான் எதிரொளி. அது வெள்ளைச் சுவர் இருந்தபோது கணக்கிடப்பட்டது. சுவரின் நிறத்தை எத்தனை முறை மாற்றினாலும் பக்கத்து ரேக்கின் `DiffInd` பழைய வெள்ளைச் சுவரைத்தான் நினைவில் வைத்திருக்கும். தம்பி செய்து பார்த்தார். அட்டை மறுபடியும் 0.14.

சிறிய பரப்புக்கு இந்த முறை போதும். கவுன்ட்டர் முகப்புக்கு மூன்று நிறம் பார்க்க வேண்டுமென்றால் நான் இன்றும் இதைத்தான் செய்வேன், ஏனென்றால் அவ்வளவு சின்னப் பரப்பு அறையின் ஒளியைப் பெரிதாக அசைக்காது. சுவர், சீலிங் போன்ற பெரும்பரப்பு மாறும்போது மறு ரெண்டர் தவிர வேறு வழியில்லை. எங்கள் இயந்திரத்தில் ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. மூன்றுக்கு இரண்டு மணி நேரம். முதலிலேயே செய்திருக்கலாம்.

அப்படியென்றால் "ஒரே அடிப்படைப் படம்" என்ற சொல்லுக்கே பொருள் மாறுகிறது. ஒரே பிக்சல்களிலிருந்து தொடங்குவது என்று இல்லாமல், ஒரே காட்சிக் கோப்பு, ஒரே கேமரா, ஒரே லைட், ஒரே எக்ஸ்போஷர், ஒரே ஸீட் எண் என்று ஆகிறது. பொருட்களின் நிறம் மட்டும் மாறும், ஒளி தானாகப் புதிதாகக் கணக்கிடப்படும்.

மறு ரெண்டரில் கீழ்த்தட்டு அட்டை அ தொகுப்பில் 0.13, ஆ தொகுப்பில் 0.08, இ தொகுப்பில் 0.05 என்று வந்தது.

எதுவும் நகரவில்லை என்பதை எப்படி உறுதி செய்வது

முதல் முறையில் ஒரு வசதி இருந்தது. பிக்சல்கள் ஒன்றே என்பதால் லேஅவுட் நகர வாய்ப்பே இல்லை. மறு ரெண்டரில் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. இரண்டு படங்களை `Difference` முறையில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதும் பயன்படாது, ஏனென்றால் ஒளி மாறியதால் எல்லாப் பிக்சலும் கொஞ்சம் மாறியிருக்கும். எது நகர்ந்தது, எது ஒளியால் மாறியது என்று பிரிக்க முடியாது.

அதனால் நிறப் படங்களை விட்டுவிட்டு, ஆழப் படங்களைக் கழித்துப் பார்த்தோம். கேமராவிலிருந்து ஒவ்வொரு பிக்சலிலும் தெரியும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே `Depth` பாஸ். அதற்குச் சுவரின் நிறமும் தெரியாது, வெளிச்சமும் தெரியாது. எதுவும் நகரவில்லை என்றால் கழித்த படம் முழுக் கறுப்பாக வர வேண்டும்.

அ படத்தையும் ஆ படத்தையும் கழித்தபோது முழுக் கறுப்பு. அ படத்தையும் இ படத்தையும் கழித்தபோது இடது ரேக்கின் ஓரங்களில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். விசாரித்தால், கறுப்பு இரும்பு ரேக்குக்கு நிறத்தை மட்டும் மாற்றாமல், "இரும்பு ரேக்" என்று கோப்பகத்தில் இருந்த மாடலையே தம்பி வைத்துவிட்டார். மர ரேக்கின் பக்கப் பலகை 25 மில்லிமீட்டர், இரும்புச் சட்டமோ அதைவிட ஒல்லி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒல்லியான சட்டத்தால் ஒவ்வொரு தட்டிலும் கூடுதலாகக் கொஞ்சம் துணி தெரிந்தது, படம் கொஞ்சம் காற்றோட்டமாக இருந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் பச்சை இன்னும் பிடித்துப்போவதில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பழைய மாடலுக்கே கறுப்பு நிறம் கொடுத்து மறுபடி ரெண்டர் போட்டோம்.

பச்சை என்று நினைத்தது பச்சை இல்லை

இதற்கு நடுவே இன்னொன்று. பெயிண்ட் கம்பெனிகள் ஒரு நிறத்துக்கு எல்.ஆர்.வி. என்ற எண் தருவார்கள். அந்தப் பூச்சு எத்தனை சதவீத ஒளியைத் திருப்பும் என்பதே அது. அடர் பச்சைக்கு 12. திரையில் காட்டுவதற்கான மதிப்பும் கூடவே இருக்கும், இங்கே `#4B6959`, அதாவது 75, 105, 89.

தம்பி இந்த மூன்று எண்களையும் 255ஆல் வகுத்து, பிளெண்டரின் R, G, B பெட்டிகளில் இட்டிருந்தார். 105ஐ 255ஆல் வகுத்தால் 0.41. ஆனால் நாங்கள் பயன்படுத்திய பதிப்பில் அந்தப் பெட்டிகள் நேரியல் மதிப்பைக் கேட்கின்றன, திரைக்கான வளைவை ஏற்றிய மதிப்பை அல்ல. நேரியலில் 105 என்பது சுமார் 0.14. சுவர் மூன்று மடங்கு ஒளியைத் திருப்பும் வெளிர் பச்சையாகப் போயிருந்தது. `#4B6959` என்று ஹெக்ஸ் பெட்டியில் இட்டிருந்தால் மென்பொருளே மாற்றிக்கொண்டிருக்கும்.

இந்தத் தவறைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், ஏனென்றால் நிழலும் வெளிச்சமும் கலந்த படத்தில் எது சரியான பச்சை என்று யாருக்குத் தெரியும்? எண்ணால் பிடிப்பது எளிது. `DiffCol` பாஸில் சுவரின் மேல் ஒரு புள்ளியைப் படித்து, சிவப்பை 0.2126ஆலும் பச்சையை 0.7152ஆலும் நீலத்தை 0.0722ஆலும் பெருக்கிக் கூட்டினால் எல்.ஆர்.வி.க்கு நெருக்கமான எண் கிடைக்கும். சரியான சுவரில் 0.07, 0.14, 0.10 என்று படித்தோம், கூட்டினால் 0.12. கம்பெனி சொன்ன 12 சதவீதமும் அதுவே.

இதே வளைவால் வரும் இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பாதி ஒளியைத் திருப்பும் சாம்பல் நிறம் திரையில் 128 என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது 188. 128 என்பது 22 சதவீதம்கூட இல்லை. எல்.ஆர்.வி. 50 என்று கேட்டால் `#808080` எடுத்துக் கொடுப்பவர், தன்னையறியாமல் கடையைப் பாதிக்குமேல் இருட்டாக்குகிறார்.

எக்ஸ்போஷரை யார் பக்கம் வைப்பது

சரி, படங்கள் சரியாக வந்துவிட்டன. இனி காட்டுவதில் ஒரு சிக்கல். ஒவ்வொரு படத்தையும் அதற்கேற்ற எக்ஸ்போஷரில் காட்டினால் மூன்றும் நடுத்தர வெளிச்சத்தில் அழகாக இருக்கும். ஆனால் நாம் பாடுபட்டுக் கொண்டுவந்த வித்தியாசம் அதிலேயே அழிந்துவிடும். எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டால் வித்தியாசம் இருக்கும், ஆனால் பச்சைப் படம் குகைபோலத் தெரியும். நிஜத்தில் அப்படித் தெரியாது, கடைக்குள் நுழைந்த ஒரு நிமிடத்தில் கண் பழகிக்கொள்ளும். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

நான் எடுத்த முடிவு இது. எக்ஸ்போஷரை நடுத்தரமான ஆ தொகுப்புக்கு அமைத்து, மூன்றுக்கும் அதையே பூட்டினேன். அதில் அ வெளுத்துப் போகவில்லை, இ முழுக்க இருட்டில் மூழ்கவில்லை. அப்புறம் இ தொகுப்புக்கு மட்டும் அரை ஸ்டாப் ஏற்றிய இரண்டாவது படம் ஒன்றை, கீழே "கண் பழகிய பின்" என்று எழுதி வைத்தேன். அரை ஸ்டாப் என்பது என் கணிப்புதான், அளந்து வந்ததல்ல. அதைக் கடைக்காரரிடம் சொல்லியே காட்டினேன்.

வொயிட் பேலன்ஸையும் பூட்ட வேண்டும். லைட்டுகள் 4000 கெல்வின். கேமராவின் வெள்ளையும் அதற்கே வைத்தோம். தானியங்கித் திருத்தம் எதையும் விட்டால், அது சுட்ட மண் நிறச் சுவரைப் பார்த்துப் படம் முழுவதும் நீலத்தை ஏற்றிவிடும். அதேபோல் கணக்கிட்ட ஒளியைத் திரைக்கான நிறமாக மாற்றும் `AgX`, `Standard` ஆகியவற்றில் எதை வைத்தாலும் மூன்றுக்கும் அதையே வைக்க வேண்டும். `AgX` பிரகாசமான இடங்களில் நிறத்தை வெளிறச் செய்யும். காட்சி இயல்பாக இருக்கும், ஆனால் அந்தப் படத்திலிருந்து நிறத்தைக் கிள்ளியெடுத்துப் பெயிண்ட் கடையில் காட்டினால் வேறு டப்பாதான் வரும்.

கடைக்காரர் முதல் நாள் அ தொகுப்பை "ரொம்ப மஞ்சளா இருக்கு, ஆனா பிடிச்சிருக்கு" என்றார். அவர் பார்த்தது போனில், இரவு நேர நீல ஒளித் தடுப்பு இயங்கிக்கொண்டிருந்தபோது. அதன்பின் எங்கள் அலுவலகத் திரையில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில விநாடி வெறும் சாம்பல் திரை வைத்து, தனித்தனியாகக் காட்டினோம். பக்கம் பக்கமாக வைத்தால் பச்சையின் அருகில் மணல் நிறச் சுவர் லேசாகச் சிவந்து தெரியும். கண்ணின் குணம் அது.

துணிகள் வாக்களித்த விதம்

இனிதான் எனக்கே புதிதாக ஒன்று தெரிந்தது. அடிப்படைக் காட்சியில் ரேக் முழுக்க வெளிர் நிறச் சட்டைகள் இருந்தன. எங்கள் மாடல் கோப்பகத்தில் அதுதான் இருந்தது, யாரும் யோசித்து வைக்கவில்லை. அடர் பச்சைச் சுவரின் முன்னே வெள்ளைச் சட்டை எப்படி இருக்கும்? பளிச்சென்று இருக்கும். மணல் நிறச் சுவரின் முன்னே? காணாமல் போகும். ஒப்பீடு ஆரம்பிக்கும் முன்பே பச்சைக்கு ஆதரவாக வாக்குப் போட்டாகிவிட்டது.

கடைக்காரரிடம் கேட்டேன். சரக்கில் பெரும்பங்கு ஜீன்ஸும் அடர் நிறங்களும்தான் என்றார். அதே ரேக்கில் அதே மடிப்பில் அடர் நீல ஜீன்ஸை வைத்து இரண்டாவது சரக்குத் தொகுதியை உருவாக்கினோம். பிறகு சுவருக்கும் துணிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்ச அளவான L* எண்ணில் பார்த்தோம். அதில் கறுப்பு 0, வெள்ளை 100. மணல் சுவர் 89, சுட்ட மண் 58, அடர் பச்சை 41. ஜீன்ஸ் 27, வெள்ளைச் சட்டை 92.

வெள்ளைச் சட்டைக்கும் மணல் சுவருக்கும் இடைவெளி வெறும் 3. ஜீன்ஸுக்கும் பச்சைச் சுவருக்கும் 14. ஜீன்ஸ் வைத்த பச்சைப் படத்தைத் திரையில் போட்டதும் அந்த அம்மா முன்னே சாய்ந்து பார்த்தார். "கடை இருக்கு, துணி எங்க?" என்றார். சுட்ட மண் சுவர் இரண்டு பக்கமும் முப்பதுக்கு மேல் இடைவெளி விட்டு நடுவில் நின்றது. முதல் சுற்றில் ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்காத தொகுப்பு அது.

டிரையல் ரூமில் நடந்தது

ஆ தொகுப்பு ஜெயித்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் இரண்டாவது அட்டையைப் பார்த்தோம். டிரையல் ரூம் 1.2 மீட்டர் சதுரம், ஒரு பக்கம் முழுக் கண்ணாடி. மூன்று சுவர்கள் முகத்துக்குக் கைநீட்டும் தூரத்தில். ஒளி வெளியே போக வழியின்றிச் சுவரிலிருந்து சுவருக்குப் பட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் சுவர் தன் நிறத்தை அதில் ஏற்றும்.

சாம்பல் அட்டையில் சிவப்பும் நீலமும் சமமாக இருக்க வேண்டும். ஆ தொகுப்பில் சிவப்பு நீலத்தைப் போல 1.5 மடங்கு. நின்று பார்ப்பவரின் முகம் சிவக்கும், வெள்ளைச் சட்டை பிஸ்கட் நிறமாகும், நீலச் சட்டை மங்கும். எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தால் வேறு துணி.

பச்சையில் இன்னும் மோசமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அங்கே பச்சை சிவப்பைவிடப் பத்து சதவீதம்கூட மிகவில்லை. அடர் நிறம் ஒளியை விழுங்கிவிடுகிறது, திருப்பி அனுப்பினால்தானே சாயம் ஏறும். அந்த அறையின் குறை நிறமல்ல, இருட்டு.

உண்மையில் அதிர்ச்சி தந்தது அ தொகுப்பு. பாவம் போலத் தெரியும் அந்த மணல் நிறத்தில் சிவப்பு நீலத்தைப் போல 1.3 மடங்கு. நீலத்தில் 66 சதவீதத்தையும் சிவப்பில் 79 சதவீதத்தையும் திருப்பும் சுவர் அது. ஒரு முறை பட்டால் வித்தியாசம் சொற்பம். ஆனால் வெளிர் சுவர் ஒளியை எளிதில் சாகவிடாது. நான்கைந்து முறை பட்டுத் திரும்பும்போது அந்தச் சொற்பம் சேர்ந்து வளர்ந்துவிடுகிறது. பெரிய ஹாலில் நாம் கவனிக்கமாட்டோம், 1.2 மீட்டர் பெட்டியில் தெரிகிறது.

எனவே டிரையல் ரூமுக்கு மூன்று தொகுப்புகளில் எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். சாயல் எதுவும் இல்லாத, எல்.ஆர்.வி. 60 அளவில் ஒரு வெளிர் சாம்பல். மூன்று தொகுப்புக்கும் அதுவே பொது.

நான்காவது படம்

எண்களைப் பார்த்தால் ஆ தொகுப்பு முன்னிலையில் இருந்தது. நானும் அதைத்தான் சொன்னேன். அந்த அம்மாவுக்குப் பச்சை மனதிலிருந்து போகவில்லை. அவர் கணவருக்கோ வெளிச்சம் வேண்டும். யார் கடை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பச்சையில் எது கெடுக்கிறது என்று பிரித்துப் பார்த்தோம்.

குற்றவாளி சீலிங். சுவர் பச்சையாகவே இருக்க, சீலிங்கை மட்டும் வெள்ளைக்கு மாற்றினால் சராசரித் திருப்புதிறன் 0.19இலிருந்து 0.41க்கு ஏறுகிறது, பெருக்கம் 1.2இலிருந்து 1.7க்கு. ஆ தொகுப்பின் 1.9க்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ஜீன்ஸ் ரேக்கின் பின்பலகைக்கு மட்டும் அ தொகுப்பின் மணல் நிறத்தைக் கொடுத்தோம். சட்டை ரேக்குக்குப் பின்னே பச்சை. எந்த ரேக்கும் ஒரு அங்குலம் நகரவில்லை, ஆழப் படத்தைக் கழித்தால் முழுக் கறுப்பு.

நான்காவது ரெண்டரில் கீழ்த்தட்டு அட்டை 0.07 காட்டியது. இருவரும் அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள்.

பெயிண்ட் வாங்கும் முன் ஒரு மீட்டர் சதுரப் பலகையில் பச்சையை இரண்டு கோட் அடித்து, கடையிலேயே, போட்டிருந்த லைட்டுகளின் கீழ், ரேக் வரப்போகும் இடத்தில் நிமிர்த்தி வைத்தோம். தரையில் படுக்க வைத்தால் மேலிருந்து விழும் நேர் ஒளியில் நிறம் வெளிறித் தெரியும். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையையும் ஒரு ஜீன்ஸையும் எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார். சட்டையைப் பலகையின் மேல் பிடித்துப் பார்த்தார், பிறகு ஜீன்ஸைப் பிடித்தார், அப்புறம் அதை மட்டும் மடித்து மறுபடி பைக்குள் வைத்துவிட்டு, "பின்பலகைக்கு அந்த மணல் கலரே இருக்கட்டும்" என்றார்.